பெட்டுக்கு கலரா, வட்டமா?

அண்ணா, ஒரு தொண்டு நிறுவனத்துல டேட்டா வேலை பாக்குறேன். மாவட்ட வாரியா அரசு ஆஸ்பத்திரி பெட் எண்ணிக்கைய QGIS-ல Graduated போட்டு கலர் மேப்பா பண்ணினேன், பாக்க நல்லாதான் இருந்துச்சு. சீனியர் பாத்துட்டு "எண்ணிக்கைக்கு கலர் அடிக்கக் கூடாது, வட்டம் போடு"ன்னு சொல்லிட்டார், ஏன்னு சொல்லல. வட்டம் போட்டா சென்னை பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி குவியலா கிடக்கு. மக்கள்தொகையால வகுத்துட்டா கலரே போதும்னு இன்னொருத்தர் சொல்றார். நான் யார் பேச்ச கேக்குறது?
— ச., விழுப்புரம்

அன்புள்ள ச.,

நீங்க விழுப்புரம்ங்கறதால உங்க ஊர வச்சே சொல்லிடறேன், ஏன்னா நான் இந்தப் பாடத்த படிச்சதே உங்க ஊராலதான். சில வருஷம் முன்னாடி ஒரு மீட்டிங்குக்கு ரெண்டு மேப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு கொண்டு போனேன், ஒண்ணு 2018 நிலவரம், இன்னொண்ணு 2020. ரெண்டுமே உங்கள மாதிரியே பெட் எண்ணிக்கைக்கு நேரா கலர் அடிச்சது, கூட இருந்தா அடர் நீலம், கம்மின்னா வெளிர் நீலம். பழைய மேப்புல விழுப்புரம் முழுக்க அடர் நீலம், புது மேப்புல அந்த இடமே வெளுத்துப் போய் கிடந்துச்சு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் கண்ணாடிய கழட்டித் துடைச்சுட்டு, "ரெண்டு வருஷத்துல இங்க இருந்த பெட்டெல்லாம் எங்கய்யா போச்சு?"ன்னு கேட்டார். எங்கயும் போகல. 2019-ல கள்ளக்குறிச்சிய தனி மாவட்டமா பிரிச்சாங்க, அவ்ளோதான். அத அவருக்கு விளக்கிச் சொல்லவே பத்து நிமிஷம் ஆச்சு, அந்தப் பத்து நிமிஷத்துல என் மூஞ்சி இருந்த கலருக்கு எந்த லெஜண்டும் கிடையாது.

ஒரு பேச்சுக்கு எண் போட்டுப் பாப்போம். பழைய விழுப்புரத்துல 3000 பெட் இருந்துச்சுன்னு வச்சுக்கங்க (உண்மைக் கணக்கு இல்ல). பிரிச்ச பிறகு இங்க 1800, அங்க 1200. உங்க லெஜண்டுல 2500-க்கு மேல அடர் நீலம்னா நேத்து வரைக்கும் அந்த நிலம் முழுக்க அடர் நீலம், இன்னைக்கு ரெண்டு துண்டும் வெளிர் நீலம், ஆனா ஒரு கட்டில்கூட நகரல. இதையே பத்தாயிரம் பேருக்கு எத்தன பெட்னு போட்டிருந்தா, பிரிக்கிறதுக்கு முன்ன 34.6 லட்சம் பேருக்கு 3000, கிட்டத்தட்ட 8.7. பிரிச்ச பிறகு சுமார் 21 லட்சத்துக்கு 1800, சுமார் 13.7 லட்சத்துக்கு 1200, ரெண்டும் 8.6, 8.8னுதான் வரும். கலர் அசையாது.

அதனால கலரா வட்டமான்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குற கேள்வி, இந்த மாவட்டத்த நாளைக்கு ரெண்டா வெட்டினா உங்க நம்பரும் ரெண்டா உடையுமா? பெட், டாக்டர், ஆம்புலன்ஸ், மக்கள்தொகை எல்லாம் உடையும், அதுக்கு வட்டம். விகிதம், சராசரி, சதவீதம் உடையாது, அதுக்கு கலர். வட்டத்துல மாவட்டம் உடைஞ்சா வட்டமும் உடைஞ்சு ரெண்டு சின்ன வட்டமாகும், ரெண்டோட பரப்பையும் கூட்டினா பழைய பரப்பு அப்படியே வரும். உங்க சீனியர் சொல்லாம விட்டது இதத்தான்னு நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் நிலத்தோட அளவு. A4 தாள்ல தமிழ்நாட்ட உயரவாக்குல முழுசா போட்டா ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 25 கிலோமீட்டர் வரும். 2011 சென்சஸ் காலத்து சென்னை 175 சதுர கிலோமீட்டர்தான், அந்த தாள்ல ஒரு மிளகு சைஸ். அப்போதைய விழுப்புரம் சுமார் 7200 சதுர கிலோமீட்டர், ஒரு பெரிய தபால்தலை சைஸ், அதாவது சென்னைய விட 41 மடங்கு மை. ஆனா ஜனம் சென்னையிலதான் கூட, 46 லட்சத்துக்கு மேல. நீங்க சென்னைக்கு எவ்ளோ அடர் கலர் குடுத்தாலும் மிளகு மிளகுதான். இதுல ஒரு தமாஷ் என்னன்னா அதே சென்சஸ்ல விழுப்புரமும் கோயம்புத்தூரும் ஜனத்தொகையில கிட்டத்தட்ட ஒண்ணு, 34,58,873, 34,58,045, வித்தியாசம் ஆயிரம் பேர்கூட இல்ல. எண்ணிக்கைக்கு கலர் அடிச்சா ரெண்டுக்கும் ஒரே கலர், ஆனா விழுப்புரம் ஒன்றரை மடங்கு இடம் பிடிச்சு உக்காந்து தான்தான் பெருசுன்னு கத்தும். வட்டம் போட்டா ரெண்டும் ஒரே சைஸ், பேச்சே இல்ல.

சரி, வட்டம் எப்படி போட்டீங்கன்னு நீங்க எழுதல, அதுலதான் முக்காவாசிப் பேர் சறுக்குறாங்க. கண்ணு பாக்குறது வட்டத்தோட பரப்ப, QGIS கேக்குறதோ விட்டத்த. பெட் நாலு மடங்குன்னா விட்டம் ரெண்டு மடங்குதான் ஆகணும், விட்டத்தையும் நாலு மடங்காக்கிட்டா தாள்ல மை பதினாறு மடங்கு ஏறி சென்னை எல்லாத்தையும் முழுங்கிடும். உங்க கையில இருக்குறது பாலிகன் லேயர்தானே, அதுக்கு Centroid Fill குடுத்து, உள்ள இருக்குற வட்டத்தோட Size-க்குப் பக்கத்துல இருக்குற பட்டன அமுக்கி இத எழுதுங்க:

```
sqrt("beds") * 0.18
```

இதுல 10,000 பெட்டுக்கு 18 மில்லிமீட்டர், 400 பெட்டுக்கு 3.6 மில்லிமீட்டர் விட்டம் வரும், A4-க்கு இது தாங்கும். அந்த 0.18-அ மட்டும் உங்க டேட்டாவுல பெருசு எதுவோ அதுக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்கிக்கங்க. அதே பட்டன்ல வர்ற Assistant-அ வச்சும் பண்ணலாம், ஆனா அதுல குறைஞ்சபட்ச மதிப்புக்கு 1 மில்லிமீட்டர்னு ஆரம்பிச்சா விகிதம் கெட்டுடும், மதிப்பும் சைஸும் ரெண்டுமே 0-லேருந்து கிளம்பணும். Centroid Fill-ல மாவட்டத்தோட ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புள்ளி வைக்கிற டிக் ஒண்ணு இருக்கும், அத எடுத்துடுங்க, இல்லன்னா ராமநாதபுரம் மாதிரி தீவு இருக்குற மாவட்டத்துல தீவுக்குத் தீவு முழு மாவட்டத்து வட்டம் வந்து உக்காரும், மனுஷனே இல்லாத தீவுல ஆயிரம் பெட் ஆஸ்பத்திரி.

Assistant-ல Flannery-ன்னு ஒண்ணப் பாத்துட்டு அத போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. பெரிய வட்டத்த நம்ம கண்ணு இருக்குறத விட சின்னதாதான் எடை போடும், அத சரிக்கட்ட பெரிய வட்டத்த இன்னும் கொஞ்சம் ஊதிக் காட்டுற முறை அது, வர்க்கமூலத்துக்கு பதிலா 0.57 அடுக்கு. நான் அத தொடறதில்ல. ஏன்னா மேல சொன்ன 3000-அ 1800, 1200-னு வெட்டிப் பாத்தா, ரெண்டு சின்ன வட்டத்தோட பரப்பையும் கூட்டினா பழசுல 91 சதவீதம்தான் வரும், 9 சதவீத மை காத்துல போயிடும். அந்தப் பெரியவர் திரும்பவும் கண்ணாடிய கழட்டுவார். அதுக்கு பதிலா லெஜண்டுல 500, 2500, 10,000-னு மூணு வட்டத்த ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சு நம்பர் எழுதிட்டா படிக்கிறவங்க அத வச்சே ஒப்பிட்டுக்குவாங்க.

இப்ப சென்னை குவியல். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை நாலும் நெருக்கிக்கிட்டுதான் இருக்கும், அதுக்கு பயந்து எல்லா வட்டத்தையும் சுருக்கினா பெரம்பலூரும் அரியலூரும் கடுகாயிடும். வட்டம் கொஞ்சம் மேல ஏறினா தப்பே இல்ல, பெருசு அடியில சின்னது மேல இருந்தா போதும். Symbology-ல Control feature rendering order-அ டிக் பண்ணி beds-அ Descending வச்சா பெருசு முதல்ல வரைஞ்சுடும். உள்கலர பாதி ஒளி போற மாதிரி வச்சு வெளிக்கோட்ட வெள்ளையா குடுங்க. அப்பவும் புரியலன்னா சென்னை சுத்துவட்டாரத்த மட்டும் ஓரமா ஒரு பெட்டியில பெருசு பண்ணி போடுங்க, ஆனா வட்டத்தோட யூனிட் Millimeters-லதான் இருக்கணும். Map Units-ல இருந்தா நிலத்தோட சேந்து வட்டமும் வளந்து அதே குவியல் பெட்டிக்குள்ளயும் வரும், லெஜண்டும் அங்க செல்லாது.

மக்கள்தொகையால வகுக்கச் சொன்னவர் தப்பா சொல்லல, ஆனா அவர் வேற கேள்விக்கு பதில் சொல்றார். ஆக்சிஜன் சிலிண்டர் எங்க எத்தன இறக்கணும், நர்ஸ் எங்க எத்தன பேர் வேணும்னா எண்ணிக்கைதான் வேணும், அங்க வட்டம்தான். எந்த மாவட்டத்து ஜனத்துக்கு பெட் பத்தலன்னா விகிதம், அதுக்கு கலர். அதுலயும் ஒரு குழி இருக்கு, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில படுத்திருக்குறவங்க எல்லாரும் மதுரைக்காரங்க இல்ல, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம், தேனின்னு எல்லா பஸ்ஸும் அங்கதான் வருது. நீங்க மதுரை பெட்ட மதுரை ஜனத்தால மட்டும் வகுத்தா மதுரை கொழுத்துத் தெரியும், சிவகங்கை காஞ்சு தெரியும், ரெண்டும் பாதி உண்மைதான். தனியார் பெட்டையும் சேத்து பண்ணினீங்கன்னா வேலூர்ல இது இன்னும் மோசம், சிஎம்சிக்கு வங்காளத்துலேருந்தே ரயிலேறி வர்றாங்க. அதனால விகித மேப் போட்டா மாவட்டத்த விட்டுட்டு, பெரிய ஆஸ்பத்திரிய நடுவுல வச்சு சுத்தி இருக்குற நாலஞ்சு மாவட்டத்த ஒரே வட்டாரமா சேத்து வகுக்குறது எவ்வளவோ தேவல. ரெண்டையும் ஒரே மேப்புல காட்டணும்னா வட்டத்து சைஸ் எண்ணிக்கை, வட்டத்துக்குள்ள கலர் விகிதம், மூணு கலருக்கு மேல வேணாம், நிலத்த வெறும் சாம்பல்ல விட்டுடுங்க. டேட்டா வராத மாவட்டத்துக்கு மட்டும் கோடு கோடா போடுங்க, இல்லன்னா வட்டம் இல்லாதது பெட்டே இல்லன்னு ஆயிடும்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி உங்க ஷேப்ஃபைல்ல எத்தன மாவட்டம்னு எண்ணிப் பாருங்க. நெட்ல சுத்துறது நிறைய 2011-ஓட 32 மாவட்டம், உங்க எக்செல்ல 38 இருக்கும். ஜாயின் போட்டா QGIS ஒண்ணும் கத்தாது, ஆறு மாவட்டத்து பெட் சத்தமில்லாம விழுந்துடும், அதுக்கும் மேல புது விழுப்புரத்து நம்பர் பழைய விழுப்புரத்து நிலத்துல போய் உக்காந்துக்கும். கலரோ வட்டமோ எது போட்டாலும் அந்தத் தப்பு அப்படியே இருக்கும். ஜாயின் முடிஞ்சதும் beds நெடுவரிசைய கூட்டிப் பாருங்க, எக்செல்லோட மொத்தத்தோட ஒத்துப்போகலன்னா மேப்ப அப்படியே மூடிட்டு முதல்ல நல்ல ஷேப்ஃபைல் தேடுங்க.