நெட் பேக் இருந்தும் மெசேஜுக்கு ஏன் காசு போகிறது?

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். என் ஆண்ட்ராய்டு போனில் உள்ள மெசேஜ் ஆப்பிலிருந்தே அவளுக்குத் தமிழில் எழுதுவேன், காசு போனதில்லை. போன வாரம் ஒரே மெசேஜுக்கு மெயின் பேலன்ஸில் 15 ரூபாய் குறைந்துவிட்டது. நெட் பேக் முடியவில்லை. எப்படி?

பதில்: அன்றைக்கு உங்கள் மெசேஜ் வேறு வழியில் போயிருக்கும் அம்மா. இத்தனை நாள் போனது ஆர்.சி.எஸ். அது வாட்ஸ்அப் மாதிரி நெட்டில் போவது. டேட்டா கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான். மகள் எந்த நாட்டில் இருந்தாலும் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் மகளின் போனில் நெட் இல்லாமல் மெசேஜ் போய்ச் சேராவிட்டால், ஆப் அதையே சாதாரண எஸ்.எம்.எஸ். ஆக மறுபடி அனுப்பிவிடலாம். அவர் போன் மாற்றி, அதில் ஆர்.சி.எஸ். இன்னும் இயங்காமல் இருந்தாலும் எஸ்.எம்.எஸ். ஆகத்தான் போகும். ரீசார்ஜில் வரும் தினம் 100 எஸ்.எம்.எஸ். பொதுவாக உள்நாட்டுக்கு மட்டும். சிங்கப்பூர் எண்ணுக்கு மெயின் பேலன்ஸில்தான் கை வைப்பார்கள்.

சரி, ஒரு மெசேஜுக்கு 15 ரூபாயா? இங்கேதான் தமிழ் நம்மை மாட்டிவிடுகிறது. ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்து பிடிக்கும், தமிழில் 70தான். அதைத் தாண்டினால் 67, 67ஆக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனி எஸ்.எம்.எஸ். ஆகக் கணக்கிடுவார்கள். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனி எழுத்து. ‘சாப்பிட்டாயா’ நம் கண்ணுக்கு 6 எழுத்து, போனுக்கு 12. அதனால் மூன்று நான்கு வரி எழுதினாலே 150 வந்துவிடும், அதாவது 3 துண்டு. உங்கள் பிளானில் வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 5 ரூபாய் என்றால் கணக்கு 15இல் சரியாக நிற்கிறது. கட்டணம் பிளானுக்குப் பிளான் மாறும், உங்கள் கம்பெனி ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அனுப்பும் முன் டைப் செய்யும் பெட்டியைப் பாருங்கள். அதில் மங்கலாக "RCS message" என்று இருந்தால் நெட்டில் போகும். "Text message" என்று இருந்தால் எஸ்.எம்.எஸ்., விரலை எடுத்துவிடுங்கள். அப்புறம், கூகுள் மெசேஜஸ் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் "RCS chats" பகுதிக்குப் போனால் "Automatically resend as text" என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டால், போய்ச் சேராத மெசேஜ் தானாக எஸ்.எம்.எஸ். ஆகாது. ஆனால் மகளின் எண்ணில் ஆர்.சி.எஸ். இல்லவே இல்லையென்றால் இந்த செட்டிங் காப்பாற்றாது. பெட்டியைப் பார்க்கும் பழக்கம்தான் காப்பாற்றும்.

நீங்களே சிங்கப்பூர் போகும்போது கணக்கு மாறும். அங்கே ரோமிங் டேட்டாவில் ஆர்.சி.எஸ். அனுப்பினால் அந்த டேட்டாவுக்குக் காசு உண்டு. மகள் வீட்டு வைஃபையில் இருந்தபடி அனுப்புங்கள்.