தளையை விட்டாச்சு, ஓசை எங்க போச்சு?

“வெண்பாவ விட்டுட்டு புதுக்கவிதை எழுதுறேன், ஆனா படிச்சா செய்தி மாதிரி இருக்கு. ‘மழை நின்ற பிறகும் மரத்திலிருந்து துளிகள் விழுந்துகொண்டே இருக்கின்றன’. எங்க தப்பு?”

வணக்கம்ங்க. ஓசை உங்க வரிலயே இருக்கு, அந்த ‘விழுந்துகொண்டே இருக்கின்றன’ங்கற வால்தான் அத அமுக்குது. துணைவினை ரெண்டும் சேர்ந்து வர்றப்ப குரல் தட்டையாயிடும், உரைநடை வாடை வர்றதே பெரும்பாலும் அங்கதான். இப்படி சொல்லிப் பாருங்க:

மழை நின்ற பின்னும்
மரம் பெய்கிறது
துளி
துளியாய்

சத்தமா படிங்க. மழை, மரம்னு மோனை உங்ககிட்ட முன்னாடியே இருந்துச்சு, ஆனா ஒரே வரில ஓடினதால காதுல விழல, இப்ப வரித் தொடக்கத்துல நிக்கறதால விழுது. இன்னொண்ணு, நாலு வரியுமே நிரையசைல தொடங்குது, மழை, மரம், துளி, ‘துளியாய்’ல முதல்ல வர்ற துளி எல்லாமே ரெண்டு எழுத்து சேர்ந்து துள்ற அசை, தளை இல்லாமயே ஒரு தாளம் வர்றது அதனாலதான். வெண்பால ஓரசைச் சீர் ஈற்றுல மட்டும்தான் வரும், இங்க ‘துளி’ தனியா ஒரு முழு வரியா நிக்குது, மரபுக்கு இது ஆகாது, ஆனா அந்த நிறுத்தம்தான் சொட்டுற இடைவெளி. கடைசி ‘யாய்’ நெடில், குரல் அங்க கொஞ்சம் இழுக்கும்.

எல்லா வரிக்கும் மோனை தேடாதீங்க, நாலஞ்சு வரி தாண்டினா விளம்பரம் மாதிரி ஆயிடும். வரிகள ஒண்ணா சேர்த்துப் படிச்சும் எதுவும் குறையலன்னா அந்த உடைப்பு சும்மா போட்டது, எடுத்துடுங்க.