கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை: விளம்பரம் கேட்பது எது, ரெஸ்யூமே காட்டுவது எது?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்தவள். நாகர்கோவிலில் ஒரு கைப்பேசி சர்வீஸ் சென்டரில் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஆறு மாத ஏர்போர்ட் டிப்ளமா படித்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைக்கு வந்த விளம்பரத்தையும் அவளுடைய ரெஸ்யூமேயையும் இணைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு அவள் பொருந்துவாளா? டிப்ளமா நடத்தியவர்கள் டி.ஜி.ஆர்., அவ்செக் சான்றிதழ்களுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: பணத்தை இப்போது கட்ட வேண்டாம். விண்ணப்பத்தைத் தாராளமாக அனுப்பலாம், ஆனால் இந்த ரெஸ்யூமேயை இப்படியே அனுப்பாதீர்கள். மகளுக்குத் தெரிந்ததில் முக்கியமான பகுதி தாளில் ஏறவே இல்லை. தாளில் இருப்பதில் இரண்டு வரிகள் நேர்காணலில் நிற்காது.

முதலில் பணம் கேட்கும் விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் மொழிக்கு 'அவசியம்' என்றும், பாதுகாப்புப் பயிற்சிக்கு 'பெற்றிருந்தால் முன்னுரிமை' என்றும் போட்டிருக்கிறார்கள். இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று. மொழியை வேலைக்கு எடுத்த பிறகு சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு நேரமில்லை. பயிற்சியை எப்படியும் அவர்களே கொடுத்தாக வேண்டும். விமான நிலையத்தின் உள்பகுதியில் வேலை செய்ய நுழைவு அனுமதி அட்டை தேவை. அதற்கு நிறுவனம்தான் ஊழியரின் பெயரில் விண்ணப்பிக்கும். போலீஸ் சரிபார்ப்பும், பி.சி.ஏ.எஸ். எனப்படும் மத்திய விமானப் பாதுகாப்பு அமைப்பு வகுத்துள்ள பயிற்சியும் அதோடு சேர்ந்தே நடக்கும். தனியார் வகுப்பில் வாங்கிய 'அவ்செக்' எனப்படும் விமானப் பாதுகாப்புப் பயிற்சித் தாளைக் காட்டி யாரும் சொந்தமாக அந்த அட்டையை வாங்கிவிட முடியாது.

டி.ஜி.ஆர். என்பது அபாயகரமான பொருள்களை விமானத்தில் கையாளும் விதிகள். அந்த விதிநூல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பயிற்சியையும் 24 மாதங்களுக்குள் மீண்டும் எடுத்தாக வேண்டும். இப்போதைய முறையில், ஒருவர் செய்யப்போகும் வேலைக்கு ஏற்றபடிதான் பயிற்சி அமைய வேண்டும். செக்-இன் கவுன்டரில் நிற்பவருக்கு ஒன்று, சரக்குப் பிரிவில் பெட்டியை ஏற்பவருக்கு வேறொன்று. வேலை எது என்று தெரியாமல் இன்று வாங்கும் சான்றிதழ், வேலை கிடைக்கும் நாளில் பொருந்தாமல் போகலாம். அதற்குள் காலாவதியாகியும் இருக்கலாம். 'முன்னுரிமை' என்ற இடத்தில் 'நடப்பில் உள்ள சான்றிதழ் கட்டாயம்' என்று இருந்தால், அது அனுபவசாலிகளுக்கான விளம்பரம். அதற்கு அவள் இப்போது விண்ணப்பித்துப் பயனில்லை.

ரெஸ்யூமேயில் 'ஏவியேஷன் சேஃப்டி டிரெயினிங் முடித்தவர்' என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் இணைத்த சான்றிதழைப் பார்த்தால், அது தீயணைப்பும் முதலுதவியும் சொல்லிக்கொடுத்த ஒருநாள் வகுப்பு. அதில் அங்கீகார எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. தேர்வுக்குழுவில் இருப்பவர் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான். வரியை எடுத்துவிட்டு, 'அடிப்படைத் தீயணைப்பு, முதலுதவி – ஒருநாள் வகுப்பு' என்று மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். சின்னதாகத் தெரியும். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியதாக இருக்கும்.

உங்கள் மகளின் உண்மையான பலம் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது. கைப்பேசி சர்வீஸ் சென்டரில் ஒன்றரை ஆண்டு இருந்தவளுக்கு லித்தியம் பேட்டரி என்றால் என்னவென்று கையால் தெரியும். உப்பிய பேட்டரியைப் பார்த்த உடனே தனியே எடுத்து வைக்கத் தெரிந்திருக்கும். இன்று கவுன்டரில் மிகுதியாக எழும் அபாயப்பொருள் கேள்வி பவர் பேங்க்தான். அதைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை அனுமதி வாங்கியாக வேண்டும், அதற்கும் மேல் என்றால் பயணிகள் விமானத்தில் எடுத்துச்செல்லவே முடியாது. பவர் பேங்கின் மேல் பெரும்பாலும் மில்லி ஆம்பியர்-மணிதான் அச்சாகியிருக்கும். பேட்டரியின் 3.7 வோல்ட்டை வைத்து அதை வாட்-மணியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்:

```
20000 mAh × 3.7 V ÷ 1000 = 74 Wh
30000 mAh × 3.7 V ÷ 1000 = 111 Wh
```

முதலாவது போகலாம். இரண்டாவதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உப்பியதோ சேதமடைந்ததோ எந்த அளவாக இருந்தாலும் போகாது. இதைத் தாளைப் பார்க்காமல் நேர்காணலில் சொல்லும் பெண்ணுக்கும், வெறும் சான்றிதழை நீட்டும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பழைய வேலை இப்போது ரெஸ்யூமேயின் கடைசியில் 'சர்வீஸ் சென்டர் – 18 மாதங்கள்' என்ற ஒற்றை வரியாகக் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள்.

நம் பக்கத்துப் பயணிகளிடம் வரும் இன்னொரு பொருளையும் அவள் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்: கொப்பரை. வளைகுடாவுக்குப் போகிற மகனுக்கு வீட்டுத் தென்னையின் கொப்பரையை அம்மா பெட்டியில் கட்டி வைத்துவிடுவார். எண்ணெய்ச் சத்து நிறைந்த கொப்பரை, ஈரம் முழுதும் போகாமல் அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறும். அதனால் ஐ.நா. பட்டியலில் 1363 என்ற எண்ணில், தானே தீப்பற்றக்கூடிய பொருள்களின் 4.2 பிரிவில் அது இருக்கிறது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். அபாயப்பொருள் விதியும் வாடிக்கையாளரைக் கையாளுவதும் கவுன்டரில் ஒரே நிமிடத்தில் சந்திப்பது இப்படித்தான்.

வாடிக்கையாளர் பகுதிக்கு வருவோம். 'இனிமையாகப் பழகுபவர், சிரித்த முகம், சிறந்த தகவல் தொடர்புத் திறன்' என்று எழுதியிருக்கிறாள். எல்லா விண்ணப்பத்திலும் இது இருக்கும், ஆகவே யாரும் படிக்க மாட்டார்கள். கவுன்டர் வேலையின் பெரும்பகுதி முடியாது என்று சொல்வது. எடை கூடிய பெட்டிக்குப் பணம் கேட்க வேண்டும். கவுன்டர் மூடிய பிறகு ஓடி வருபவரைத் திருப்ப வேண்டும். பெயர் எழுத்து மாறிய டிக்கெட்டுக்குப் போர்டிங் பாஸ் மறுக்க வேண்டும். சரியான விசா இல்லாதவரை ஏற்றிவிட்டால், இறங்கும் நாட்டில் அவரைத் திருப்பி அனுப்புவார்கள், செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால், கோபக்காரரிடம் 'முடியாது' சொல்லியும் காரியத்தைச் சிக்கலின்றி முடித்தவரா என்பதைத்தான் தேர்வுக்குழு தேடும்.

அவளிடம் அந்த அனுபவம் ஏராளமாக இருக்க வேண்டும். வாரன்ட்டி முடிந்த கைப்பேசியைக் கொண்டுவந்து கத்துபவர், தண்ணீரில் விழுந்ததை மறைத்துப் புதியது கேட்பவர், தரவு போய்விட்டது என்று அழும் மாணவி இப்படி எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். ரெஸ்யூமேயில் இப்படி எழுதலாம்: 'வாரன்ட்டி மறுப்பு, பணம் திரும்பக் கேட்கும் புகார் ஆகியவற்றை நேரில் கையாண்டேன். புகாரைக் கணினியில் பதிவு செய்து, மேலாளரிடம் ஒப்படைத்து, முடிவை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தேன்.' ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று உண்மையான எண்ணிக்கை தெரிந்தால் அதையும் சேர்க்கட்டும். தெரியாவிட்டால் இட்டுக்கட்ட வேண்டாம். நேர்காணலில், தான் மறுத்து அனுப்பிய ஒரே ஒரு வாடிக்கையாளரின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லத் தயாராக இருந்தால் போதும்.

மொழிதான் எனக்குக் கவலை தருகிறது. விளம்பரம் ஆங்கிலமும் இந்தியும் அவசியம், மலையாளமோ தமிழோ தேவை என்கிறது. ரெஸ்யூமேயில் நான்கு மொழிக்கும் 'பேச, படிக்க, எழுத' என்று ஒரே மாதிரி குறித்திருக்கிறாள். இதைத்தான் நிற்காத இரண்டாவது வரி என்றேன். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத்தைத் தாய்மொழி போலப் பேசுவார்கள், எழுத்தைக் காட்டினால் தடுமாறுவார்கள். உங்கள் மகளும் அப்படியென்றால் 'மலையாளம் – சரளமாகப் பேசுவேன்' என்று மட்டும் எழுதட்டும். குறைவாகத் தெரிந்தாலும் இது பெரிய தகுதி. தமிழும் மலையாளமும் மாறி மாறிப் பேச வேண்டிய கவுன்டர் அது.

இந்தியில் பிரச்சார சபாவின் மத்தியமா தேர்வில் தேறியிருக்கிறாள். தேர்வு எழுதியவர்களுக்கு வாக்கியம் அமைக்கத் தெரியும், எதிரே ஒருவர் வேகமாகப் பேசினால் நாக்கு எழாது. வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரரிடமும், ஊருக்குத் திரும்பும் வட இந்தியத் தொழிலாளியிடமும் பேச வேண்டியது அந்த இந்தியில்தான். 'சரளம்' என்று எழுதினால் முதல் நிமிடத்திலேயே அகப்படுவாள். 'இந்தி – கவுன்டர் உரையாடல் அளவு, மத்தியமா தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, அதை உண்மையாக்கும் வேலையை இன்றே தொடங்கட்டும். பெட்டியில் பேட்டரி இருக்கிறதா, எடை கூடியிருக்கிறது, எந்த கேட்டுக்குப் போக வேண்டும், விமானம் தாமதம், சக்கர நாற்காலி தேவையா என்பது போன்ற நாற்பது வாக்கியங்களைச் சத்தமாகப் பேசிப் பழக வேண்டும். சான்றிதழுக்குக் கட்டவிருந்த பணத்தில் ஒரு பகுதியை இந்தி பேசக் கற்றுத்தரும் ஆளுக்குக் கொடுத்தால் நல்ல செலவு.

சக்கர நாற்காலி என்றதும் ஒன்று. மாலத்தீவிலிருந்து சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வருபவர்கள் உண்டு. ஆகவே `WCHR`, `WCHS`, `WCHC` என்ற மூன்று குறியீடுகளையும் அவள் தெரிந்துகொண்டு போகட்டும். முதலாமவர் படியேறுவார், தூரம் நடக்க மாட்டார். இரண்டாமவர் படியும் ஏற மாட்டார். மூன்றாமவரை இருக்கை வரை கொண்டுபோய்விட வேண்டும்.

என் கணிப்பு: திருத்திய ரெஸ்யூமேக்கு நேர்காணல் அழைப்பு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கே பேட்டரிக் கேள்வி வந்தால் அவள் ஜெயிப்பாள். இந்தியில் பேசச் சொன்னால் முடிவு அவள் பயிற்சியைப் பொறுத்தது.

நீங்கள் கேட்காத ஒன்றும் மீதமிருக்கிறது. ரெஸ்யூமேயில் முகவரி மார்த்தாண்டம். விமான நிலையம் ஏறத்தாழ 40 கி.மீ. விளம்பரத்தில் 'சுழற்சி ஷிப்ட்' என்று இருக்கிறது, வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் போகின்றன. இந்த முகவரியைப் பார்த்தவுடன் 'இந்தப் பெண் இரவு இரண்டு மணிக்கு எப்படி வருவாள்' என்ற கேள்வி எழும். திருவனந்தபுரத்தில் உறவினர் வீடோ விடுதியோ தயாராக இருந்தால், 'வேலையில் சேரும் நாளிலிருந்து திருவனந்தபுரத்தில் தங்குவேன், எல்லா ஷிப்டுக்கும் தயார்' என்று முகவரிக்குக் கீழேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அதற்குச் சம்மதம் இல்லையென்றால், அதை விண்ணப்பம் அனுப்பும் முன்பே அவளோடு பேசி முடிவு செய்யுங்கள்.