பங்குனி வரை தாங்கும் பூசணி எது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடி மாதம் விதை ஊன்றிய சாம்பல் பூசணிக் கொடியில் இப்போது பன்னிரண்டு காய்கள் உள்ளன. சுரைக்காயும் பத்துக்குமேல் காய்த்திருக்கிறது. பங்குனியில் மகளுக்குத் திருமணம். காசி அல்வாவுக்கும் கூட்டுக்கும் வீட்டுக் காயையே வைத்துக்கொள்ள ஆசை. போன ஆண்டு அறுத்து வைத்த பூசணிகள் ஒரு மாதத்துக்குள் அழுகிவிட்டன. எந்தக் காயை அறுப்பது, எப்படி வைப்பது? - வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பூசணியைப் பங்குனி வரை வைத்திருக்கலாம், ஆனால் கொடியிலேயே நன்றாக முற்றிய காயைத்தான் அப்படி வைக்க முடியும். சுரைக்காயை உண்பதற்காக மாதக்கணக்கில் வைக்க முடியாது. பூசணிக்குச் சொல்லும் முறையைச் சுரைக்காய்க்கும் சேர்த்துச் செய்து பார்ப்பவர்கள் பலர் உண்டு, அதனால் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

போன ஆண்டு உங்கள் காய்கள் அழுகியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: அவை பார்வைக்குப் பெரியவையாக இருந்திருக்கும், முற்றியிருக்காது. பூசணி முதலில் வேகமாகப் பருத்து முழு அளவை எட்டிவிடும். தோல் கடினமாவதும், விதை கெட்டிப்படுவதும், மேலே சாம்பல் பூப்பதும் அதற்குப் பின்னர் சில வாரங்களில் நடப்பவை. ஆகவே அளவை வைத்து வயதைச் சொல்ல முடியாது. இளங்காயின் தோலில் குத்துகிற மயிர்கள் இருக்கும், நிறம் பளிச்சென்ற பச்சையாக இருக்கும். முற்ற முற்ற மயிர்கள் உதிர்ந்து, வெண்ணிறச் சாம்பல் படிந்துகொண்டே வரும். விரலால் ஒரு கோடு இழுத்தால் விரலில் மாவு ஒட்டி, காயில் அடர்பச்சைக் கோடு தெரிய வேண்டும். நகத்தை அழுத்தினால் தோலில் இறங்காமல் வழுக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது சேமிக்கத்தக்க காய். ஆடியில் ஊன்றிய கொடிக்கு, ரகத்தைப் பொறுத்து, நான்கு முதல் ஐந்து மாதங்கள் ஆகும் என்பதால், கார்த்திகைக் கடைசியில் இருக்கும் உங்கள் கொடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றியிருக்க வாய்ப்பில்லை.

இங்கே ஒரு பொறியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். காம்பு காய்ந்திருந்தால் காய் முற்றியது என்று கடையில் சொல்வார்கள். கொடியிலிருந்து அறுத்த எந்தக் காயின் காம்பும், இளங்காயாக இருந்தாலும், நாலைந்து நாளில் காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்த காம்பு சுருங்கி, மெலிந்து, வளைத்தால் வளையும். கொடியிலேயே முற்றிய காயின் காம்பு தடித்து, கட்டை போல் கடினமாக இருக்கும். உங்களுடையது வீட்டுக் கொடி என்பதால் காம்பைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை, ஆனால் பற்றாக்குறைக்கு வெளியில் வாங்கப் போனால் இதை மறந்துவிடாதீர்கள்.

வெளியில் வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. ஆயுத பூஜையை ஒட்டி விலை ஏறும் நாட்களில், தரகர்கள் தோட்டத்துக்கு வந்து, கொடியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே வெட்டாக எடுத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசுவார்கள். விவசாயிக்கும் ஆள் கூலி மிச்சம் என்பதால் சம்மதித்துவிடுவார். அப்படி வந்த குவியலில் முற்றியதும் முற்றாததும் கலந்திருக்கும். திருஷ்டி சுற்றி வீதியில் உடைப்பதற்கு அது போதும், நான்கு மாதம் வைப்பதற்குப் போதாது. எடை போட்டு விலை சொல்லும் கமிஷன் மண்டியில் காயின் வயதை யாரும் கேட்பதில்லை. எப்போது அறுத்தது என்ற ஒரு சின்ன விவரம்கூட மூட்டையோடு வருவதில்லை. விதை, உரம், பூச்சிமருந்து பற்றி விவசாயிகளுக்கு அச்சடித்துத் தரும் துண்டறிக்கைகளில் எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன, அறுத்த காயை வீட்டில் எப்படி வைப்பது என்பதற்கு நான்கு வரி கிடைக்காது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலிப்பாக இருக்கிறது.

இனி உங்கள் பன்னிரண்டு காய்களுக்கு வருவோம். மழை இல்லாத ஒரு நாள், பனி உலர்ந்த பிறகு, காலை பத்து மணி வாக்கில் கொடிக்குப் போங்கள். முதலில் தோலில் கோந்து போல் பழுப்பாக உறைந்த சிறு துளிகள் உள்ளனவா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். காய் இளசாக இருந்தபோது பழ ஈ துளையிட்டு முட்டை வைத்த இடம் அது. உள்ளே புழு இருக்கலாம், அழுகலும் அங்கிருந்தே தொடங்கும். அதை எத்தனை முற்றியிருந்தாலும் சேமிப்பில் சேர்க்கக் கூடாது, உடனே வெட்டி நல்ல பகுதியைச் சமைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமண்ணில் கிடந்து அடிப்பக்கம் மெத்தென்று ஆன காயும் அப்படியே. உதாரணமாக, இரண்டு காய்கள் இப்படிக் கழிந்தால் மீதி பத்தில் ஏழு மட்டும் சாம்பல் பூத்து முற்றியிருக்கலாம். அந்த ஏழு காய்களையும் அறுங்கள். மற்ற மூன்றின் அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த தென்னை ஓலை திணித்து, இன்னும் இரண்டு மூன்று வாரம் கொடியிலேயே விடுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் அறுப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு.

அறுக்கும்போது கையால் திருகிப் பிடுங்காமல், கூரிய கத்தியால் காம்பில் இரண்டு மூன்று விரற்கடை விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். காம்பு பிய்ந்த இடம் காயின் உள்ளே போகும் திறந்த வாசல். கழுவ வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். நேர்வெயில் படாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் ஒரு வாரம் தனித்தனியாக வைத்தால் வெட்டுவாய் உலர்ந்துவிடும்.

பிறகு வைக்கும் இடம். உலர்ந்த, வெளிச்சம் குறைந்த, காற்று புகும் அறையில் வைக்கோல் அல்லது உமி பரப்பி, ஒன்றோடொன்று உரசாதபடி ஒரே அடுக்காக வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. நம் முன்னோர் உறியில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டதில் நல்ல அறிவு உண்டு, காயின் எல்லாப் பக்கமும் காற்றுப் படும், எந்த இடமும் நசுங்காது. பழுக்கும் வாழைத்தார் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு காயை விரைந்து முதுமையாக்கும். குளிர்சாதனப் பெட்டியும் முழுக் காய்க்கு ஏற்றதல்ல. பத்து டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் தோலில் குழி விழுந்து நீர் கோத்துக்கொள்ளும். பதின்மூன்று முதல் பதினைந்து டிகிரிதான் இதற்கு உகந்தது. நம் வீட்டில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது என்பதால், மார்கழி, தை எளிதாகக் கடந்துவிடும், மாசி வெயில் ஏறியதும்தான் கவனம் தேவைப்படும்.

என் வீட்டில் ஒருமுறை ஒன்பது காய்களை வைத்தபோது, இடம் போதாமல் ஒன்றைச் சிமெண்ட் தரையில் சாக்கு மட்டும் போட்டு வைத்தேன். மற்றவை நன்றாக இருக்க, அந்த ஒன்று மட்டும் ஆறாவது வாரத்தில் அடியில் மெத்தென்று ஆகி, ரூபாய் நாணயம் அளவுக்கு நீர் கோத்த வட்டம் தெரிந்தது. தொட்டால் விரல் உள்ளே போயிற்று. தரையின் ஈரம் செய்த வேலை அது. எனவே வாரம் ஒருமுறை ஒவ்வொரு காயையும் தூக்கி, தரையைத் தொடும் பக்கத்தையும், காம்புக்கு எதிரே பூ இருந்த முனையையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அன்றே எடுத்து வெட்டிவிடுங்கள், அதன் நீர் வடிந்து பக்கத்துக் காயில் படக் கூடாது. எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது இயல்பு. திடீரென்று லேசாகிவிட்டால் உள்ளே சதை பஞ்சாகியிருக்கும்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில் குழம்புகிறார்கள். சாம்பல் இல்லாத காயெல்லாம் இளங்காய் அல்ல. முற்றிய காயும் கூடையில் உருண்டு, கைமாறி வரும்போது சாம்பல் துடைபட்டுவிடலாம். அப்படியானால் காம்பைச் சுற்றியுள்ள குழியையும் பூ முனையின் மடிப்பையும் பாருங்கள், யார் கையும் சரியாகப் படாத அந்த இடங்களில் சாம்பல் மிஞ்சியிருக்கும். மிஞ்சியிருந்து, நகமும் இறங்காவிட்டால் காய் முற்றியதுதான். ஆனால் முற்றியது என்பதால் சேமிக்கத்தக்கது என்று ஆகிவிடாது. காயின் ஈரம் வெளியேறாமல் காக்கும் மெழுகுதான் அந்தச் சாம்பல். அது போன காய் விரைவாக வாடும். அதனால் அத்தகைய காயை முதலில் சமைக்கும் வரிசையில் வையுங்கள், பங்குனிக்கு என்று வைக்காதீர்கள். உங்கள் சொந்தக் காய்களையும் துடைக்க வேண்டாம் என்று சொன்னதன் காரணமும் இதுதான்.

காசி அல்வாவுக்கு முற்றிய காய்தான் வேண்டும், அதன் சதை கெட்டியாக இருந்து துருவினால் நார் நாராக வரும். கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் கொஞ்சம் இளசானது போதும், அதை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு காயை வெட்டிப் பாருங்கள். விதை உள்ளே முளைவிட்டிருந்தாலும் சதை வெண்மையாகவும் கெட்டியாகவும் இருந்தால் பயன்படுத்தலாம். புளித்த வாடை வந்தால் வேண்டாம்.

சுரைக்காயில் கணக்கு நேர்மாறு. பூ பிடித்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், தோலில் மெல்லிய மயிர் இருக்கும்போதே, நகம் எளிதாக இறங்கும் பருவத்தில் அறுத்தால்தான் சுவை. தோல் பளபளத்துக் கடினமானால் விதை முற்றி, சதை பஞ்சாகிவிடும். அறுத்த பிஞ்சு நிழலில் நாலைந்து நாள், காகிதம் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். உங்கள் சுரைக்காய்களில் இரண்டை விதைக்கு விட்டுவிட்டு மற்றவற்றை அறுக்க அறுக்கச் சமையுங்கள், அல்லது அக்கம்பக்கத்தில் கொடுங்கள். நாட்டுச் சுரையை மாதக்கணக்கில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது காய்ந்து குடுக்கையான சுரையை. அதைக் கொடியிலேயே காம்பு உலரும்வரை விட்டு, உலுக்கினால் விதை குலுங்கும்வரை உலர்த்துவார்கள். விதை வைக்க அது அருமையான கலம், உண்ண உதவாது.

கடைசியாக, சுரைக்காயை நறுக்கும்போது ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும், வேகவைத்தால் கசப்பு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கசக்கும் சுரைச் சாறு குடித்து வாந்தியும் ரத்தப் போக்கும் வந்து உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நிபுணர் குழுவும் 2012 இல் வெளியான தன் அறிக்கையில் கசந்த சாற்றைக் குடிக்கக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. திருமணச் சமையலில் பத்துச் சுரைக்காயை ஒரே அண்டாவில் போடுவார்கள், ஒன்று கசந்தாலும் அண்டா முழுவதும் கெடும். எனவே சமையல்காரர் நறுக்கத் தொடங்கும்போது உங்கள் வீட்டார் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காயையும் ருசி பார்க்கச் சொல்லுங்கள்.