போன் கேமராவில் திறந்து சுருங்கும் துளை

போனில் ‘வேரியபிள் அபெர்ச்சர்’ என்கிறார்களே, அதனால் படத்தில் என்ன மாறும்?

லென்ஸில் ஒளி நுழையும் துளையைக் குட்டித் தகடுகள் நகர்ந்து பெரிதாக்கும், சிறிதாக்கும். பெரும்பாலான போன்களில் இந்தத் துளை ஒரே அளவுதான். 2024இல் வந்த ஷாவ்மி 14 அல்ட்ராவின் முதன்மைக் கேமராவில் f/1.63 முதல் f/4 வரை மாற்றலாம்; f எண் சிறிதானால் துளை பெரிது.

அதன் சென்சார் பெரியது. அதனால் துளையை முழுதாகத் திறந்து சாப்பாட்டுத் தட்டை அருகில் எடுத்தால், முன்னால் உள்ள வடை தெளிவாகவும் பின்னால் உள்ள கிண்ணம் மங்கலாகவும் வரும். f/4க்குச் சுருக்கினால் லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக வரும் கதிர்கள் தடைபடும், கிண்ணமும் தெளியும். கண்ணாடி போடாதவர் கண்ணைச் சுருக்கிப் பஸ் நம்பரைப் படிப்பதும் இப்படித்தான்.

ஆனால் ஒளி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். 1/60 நொடியில் எடுத்த படத்துக்கு 1/10 நொடி வேண்டும். கை லேசாக ஆடினாலே கலங்கும். இரவில் திறந்தே வையுங்கள்.

அப்புறம், போர்ட்ரெய்ட் மோடின் மங்கல் வேறு: அது மென்பொருள் பூசுவது, அதனால்தான் முடியோரத்தில் சில நேரம் பிசகுகிறது.