படத்தில் இருப்பது ஒரிஜினல் கொன்ட்ரோலரா?

"கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் பாவித்த பிஎஸ்4 கொன்ட்ரோலர் ஒன்றை ஒரிஜினல் என்று சொல்லி விற்கிறார்கள். முன்னும் பின்னும் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். நம்பி வாங்கலாமா அண்ணா?"

வாங்குவதென்றால் கொப்பி விலைக்கு வாங்குங்கள், தம்பி. ஒரிஜினல் விலை கொடுக்க வேண்டாம்.

முன்படத்தில், டச்பேடின் மேல் விளிம்பில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிகிறது. அந்தக் கோடு 2016இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உண்டு. 2013இல் வந்த முதல் பதிப்பில், டிவியைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும்தான் வெளிச்சம். சரி, பின்பக்க லேபிளைப் பெருப்பித்துப் பார்த்தால் CUH-ZCT1 என்று போட்டிருக்கிறது. அது முதல் பதிப்பின் இலக்கம். இரண்டாவதென்றால் CUH-ZCT2 என்று தொடங்க வேண்டும்.

யாராவது பழைய ஒரிஜினலுக்கு வேறு கோது மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நடக்கிறதுதான். ஆனால் கழற்றிப் பூட்டியிருந்தால் பின்னால் உள்ள நாலு ஸ்குரூவின் தலையிலும் ஸ்குரூ டிரைவர் பட்ட அடையாளம் பெரும்பாலும் இருக்கும். உங்கள் படத்தில் நாலும் புதுசு போல இருக்கின்றன. இன்னொன்று, பெருக்கல் குறிப் பட்டனில் குறி பாதி அழிந்திருக்கிறது. ஒரிஜினலில் குறி தெளிவான பிளாஸ்டிக்குக்கு அடியில் இருப்பதால் விரல் தேய்த்து அழியாது.

எல்லாம் பொருந்தினாலும் படத்தை வைத்து ஒரிஜினல் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். லேபிளை அப்படியே பிரதி எடுத்து ஒட்டிய கொப்பிகள் நிறைய வருகின்றன. லெப்டொப்பில் செருகிப் பார்ப்பதும் முடிவான சோதனை அல்ல. ஒரிஜினல் என்றால் டிவைஸ் மனேஜரில் `VID_054C` என்று காட்டும், ஆனால் அந்த இலக்கத்தையும் கொப்பிகள் திருடிக்கொள்கின்றன.

ஆகவே கடைக்குப் போனால் பிஎஸ்4 ஒன்றில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜிடிஏ 5 இருந்தால் போதும். விளையாட்டுக்குள் வரும் தொலைபேசிக் குரல் கொன்ட்ரோலரின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். செட்டிங்கில் அதன் சத்தம் குறைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான கொப்பிகளில் ஓட்டைகள் மட்டும் இருக்கும், உள்ளே ஸ்பீக்கர் இருக்காது. நான் கழற்றிய ஒன்றில் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது. பற்றரியும் ஒரிஜினலின் 1000 மில்லியம்பியர் மணிக்குக் கிட்டவும் இல்லை.

அப்புறம், ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதென்று கொப்பி என முடிவு கட்டாதீர்கள். பழசானால் ஒரிஜினலும் அப்படித்தான் இழுக்கும்.