ஜாக்கெட் ஜிப்பை பிரிக்காமல் ரன்னரை மட்டும் மாற்ற

கேள்வி: என் தம்பி காசிமேட்டில் மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறான். அவனுடைய ஜாக்கெட்டின் ஜிப் ரன்னர் பாதியில் இறுகி நிற்கிறது. மேலே கொஞ்சம் நகர்கிறது, கீழே வரவே இல்லை. ரன்னரைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பற்கள் பிளாஸ்டிக், நன்றாகவே இருக்கின்றன. டெய்லர் முழு ஜிப்பையும் பிரித்து மாற்ற வேண்டும் என்கிறார். ரன்னரை மட்டும் மாற்ற முடியாதா?

பதில்: முடியும், தையலைத் தொடவே வேண்டாம். மேலே நகர்ந்து கீழே வராமல் இருப்பதிலேயே கோளாறு என்னவென்று தெரிகிறது. ஜாக்கெட் ரன்னருக்குள் ஒரு சின்ன முள் உண்டு. பிடியைத் தூக்கினால் முள்ளும் தூக்கும், விட்டால் பற்களுக்கிடையே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. உப்பும் ஈரமும் பட்டால் துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பொடியில் முள் சிக்கி, இறங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றிவைத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வெட்டி எடுப்பதே நல்லது. பலத்தைக் காட்டி இழுத்தால் நன்றாக இருக்கும் பற்கள்தான் பிய்யும்.

வெட்டுவதற்கு முன் ரன்னரின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே 5 அல்லது 8 போல ஓர் எண் இருக்கும். அதுதான் அளவு. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வெட்டும்போது அந்தப் பக்கம் உடைந்துவிடலாம். எண் ஒன்றாக இருந்தாலும் நைலான் சுருள் ஜிப்புக்கான ரன்னர் பிளாஸ்டிக் பல்லுக்குப் பொருந்தாது, உலோகப் பல்லுக்கானதும் அப்படியே. ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் ஜிப்பில் தளர்வாக ஓடுவதும் உண்டு. அதனால் சௌகார்பேட்டைப் பக்கம் தையல் சாமான் கடைக்குப் போகும்போது ஜாக்கெட்டையே எடுத்துப் போங்கள். பூட்டும் ரன்னர் வேண்டும் என்று கேளுங்கள். முள் இல்லாத ரன்னரைப் போட்டால் குனியும்போதெல்லாம் ஜிப் தானாக இறங்கும்.

இனி வெட்டுவது. ரன்னருக்கு மேலே இரண்டு பல் வரிசைகளும் பிரியும் இடத்தில், நடுவே மேல்தகட்டையும் கீழ்தகட்டையும் இணைக்கும் ஒரு சின்னத் தூண் தெரியும். கட்டிங் பிளேயரின் முனையை அந்தக் கவட்டில் நுழைத்துத் தூணை மட்டும் கவ்வி நெருக்குங்கள். தெறிக்கும், கண்ணுக்கு மறைப்பு வேண்டும். தூண் உடைந்ததும் தகடுகள் இரண்டாகக் கழன்று வரும். கீழே மூடியிருக்கும் பற்களை மேலிருந்து கையாலேயே பிரித்து வந்துவிடலாம்.

புது ரன்னர் கீழ்ப்பக்கமாக ஏறாது, அங்கே பெட்டிபோன்ற அடைப்பு இருக்கிறது. மேலிருந்துதான் ஏற்ற வேண்டும். பெட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் உச்சியில் கடைசிப் பல்லுக்கு மேல் ஒரு தடுப்பு இருக்கும். அதை மட்டும் பிளேயரால் நொறுக்கி எடுங்கள், எதிர்ப்பக்கத் தடுப்பு இருக்கட்டும். காலர் தையல் நெருக்கமாக இருந்து ரன்னர் நுழைய இடம் போதாவிட்டால், அதே பக்கத்தில் மேலிருந்து இரண்டு மூன்று பற்களையும் உடைத்து எடுக்கலாம். ஜிப் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழேயே நின்றுவிடும், அவ்வளவுதான். இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். பற்கள் துணிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் தடித்த கயிற்றைத்தான் பிடித்திருக்கின்றன. கயிறு வெட்டுப்பட்டால் அடுத்த பற்களும் ஒவ்வொன்றாக நழுவும்.

ரன்னரின் பிடி வெளிப்பக்கம், இரண்டு வாய் உள்ள அகன்ற முனை மேலே, ஒற்றை வாய் கீழே என்று பிடியுங்கள். பல் இல்லாத இடத்தில் பட்டையை ரன்னரின் பக்கவாட்டு இடுக்கில் நுழைத்து, பிடியை நிமிர்த்தியபடியே கீழே இறக்குங்கள். நிமிர்த்தாவிட்டால் முள் முதல் பல்லிலேயே முட்டும். பெட்டிவரை இறக்கி, எதிர்ப்பக்க ஊசியை ரன்னர் வழியாகப் பெட்டிக்குள் முழுவதும் செருகி, மேலே இழுத்துப் பாருங்கள்.

ரன்னர் கடந்த பிறகு பின்னால் பற்கள் வாய் பிளந்தால் அளவு பெரிது, மாற்றி வாங்குங்கள். இறுக்கமாக இருந்தாலும் பற்கள் சரியாகச் சேர்ந்தால் மெழுகுவத்தியை வரிசையில் தேய்த்தால் போதும்.

தடுப்பை எடுத்த இடத்தை அப்படியே விட்டால், முதல் நாளே ரன்னர் மேல் வழியாகக் கையோடு வந்துவிடும். கடையில் அதே அளவுக்குத் தடுப்புக் கிளிப் கிடைத்தால் கடைசிப் பல்லை ஒட்டி மேலே வைத்து நசுக்குங்கள். கிடைக்காவிட்டால் தடித்த நைலான் நூலால் பட்டையின் ஓரத்தைச் சுற்றி, ஒரே இடத்தில் ஏழெட்டுச் சுற்றுப் போட்டு முடிச்சிட்டாலே போதும்.

கீழே பெட்டியோ ஊசியோ உடைந்திருந்தாலும், ஊசிப் பக்கத்துப் பட்டை நைந்து போயிருந்தாலும் புது ரன்னர் நிற்காது. அப்போது டெய்லர் சொல்வதுதான் சரி.